இரு வேகப் பயணத்தின் சராசரி வேகம்: விடையைச் சரிபார்க்க எந்த வழி?

சராசரி வேகக் கணக்குக்கு விடை காண்பதும், கண்ட விடை சரிதானா என்று உறுதி செய்துகொள்வதும் இரண்டு தனித்தனி வேலைகள். முதல் வேலையைச் சொல்லித்தரப் பாடங்கள் நிறைய உள்ளன. இரண்டாவது வேலையைப் பெரும்பாலானோர் தாம் எழுதிய வரிகளை மேலிருந்து கீழே இன்னொரு முறை படித்துப் பார்ப்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். அப்படிப் படிக்கும்போது பெருக்கலில் நேர்ந்த சிறு பிழை சில சமயம் கண்ணில் படலாம். ஆனால் கணக்கையே தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், முதல் முறை சரியெனத் தோன்றியது இரண்டாம் முறையும் சரியென்றே தோன்றும். ஆகவே விடை கண்ட வழியிலிருந்து விலகி நிற்கும் இன்னொரு வழி நமக்கு வேண்டும். அப்படிப்பட்ட வழிகள் சில உண்டு. அவற்றுள் எதை எப்போது கைக்கொள்வது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கணக்குச் சொல்லித்தரும் என்னிடம் ஒரே கேள்விக்கு இரண்டு மாணவர்கள் எழுதிய இரண்டு விடைகள் ஒருமுறை அடுத்தடுத்து வந்தன. கேள்வி இது: ‘ஒரு கார் முதல் 90 கி.மீ. தூரத்தை மணிக்கு 45 கி.மீ. வேகத்திலும், அடுத்த 150 கி.மீ. தூரத்தை மணிக்கு 75 கி.மீ. வேகத்திலும் கடக்கிறது. முழுப் பயணத்தில் அதன் சராசரி வேகம் என்ன?’ முதல் மாணவர் 45-ஐயும் 75-ஐயும் கூட்டி, இரண்டால் வகுத்து, 60 என்று ஒரே வரியில் முடித்திருந்தார். இரண்டாமவர் இத்தகைய கணக்குகளில் வேகங்களை வெறுமனே கூட்டி வகுக்கக் கூடாது என்பதை நன்றாகக் கற்றவர். அவர் 2 × 45 × 75 / (45 + 75) என்று எழுதி, 56.25 என்ற விடையை அழகாகக் கட்டம் போட்டுக் காட்டியிருந்தார். சரியான விடை 60. முதல் 90 கி.மீ.க்கு 2 மணி நேரம், அடுத்த 150 கி.மீ.க்கும் 2 மணி நேரம், ஆக 240 கி.மீ. தூரத்துக்கு 4 மணி நேரம் ஆகிறது. எச்சரிக்கையாக இருந்தவரின் விடை தவறாகவும், எச்சரிக்கையின்றி எழுதியவரின் விடை சரியாகவும் அமைந்துவிட்டது. இரண்டு தாள்களையும் வைத்துக்கொண்டு, இவர்கள் இருவரும் விடையை எழுதி முடித்தபின் எந்தச் சோதனையைச் செய்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்று நான் வெகுநேரம் யோசித்தேன்.

ஒப்பீட்டுக்கு முன் ஒன்றை உறுதியாக நிறுத்திக்கொள்ள வேண்டும். சராசரி வேகம் என்பது மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்கக் கிடைப்பது. வேறு எந்தச் சூத்திரமும் குறுக்கு வழியும் இந்த ஒரு வரையறையிலிருந்து பிறந்தவையே. இரண்டு வேகங்களில் எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் சென்றார்கள் என்பதுதான் சராசரியை முடிவு செய்கிறது. எவ்வளவு தூரம் சென்றார்கள் என்பது அந்த நேரத்தைக் கண்டுபிடிக்க மட்டுமே உதவுகிறது. இரண்டு பகுதிகளின் நேரமும் சமமாக இருந்தால் வேகங்களின் கூட்டுச் சராசரியே விடை. தூரம் சமமாக இருந்தால், இரண்டாம் மாணவர் போட்டது போன்ற இசைச் சராசரி விடை. இரண்டும் சமமில்லாதபோது அவ்விரண்டு சூத்திரங்களையும் ஒதுக்கிவிட்டு வரையறைக்கே திரும்ப வேண்டும்.

முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது, தூரத்தை நாமே ஓர் எண்ணாக வைத்துக்கொண்டு கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கும் வழி. பாடங்களில் அடிக்கடி வரும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்று, அதே வழியில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் திரும்புகிறார். தூரம் கொடுக்கப்படவில்லை. 40, 60 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 120 என்பதால் ஒருவழித் தூரத்தை 120 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், போக 3 மணி நேரமும் திரும்ப 2 மணி நேரமும் ஆகும். மொத்தம் 240 கி.மீ., 5 மணி நேரம். சராசரி மணிக்கு 48 கி.மீ. எங்கும் பின்னம் வராததால் கை தவறும் வாய்ப்பும் குறைவு.

இந்த வழியின் உண்மையான பலன் இரண்டாவது எண்ணை வைக்கும்போதுதான் தெரிகிறது. ஒருவழித் தூரத்தை 240 கி.மீ. என்று மாற்றினால் நேரங்கள் 6 மணியும் 4 மணியும் ஆகின்றன. 480-ஐ 10-ஆல் வகுக்க அதே 48 வருகிறது. தூரத்தை மாற்றியும் விடை மாறவில்லை என்றால், கேள்வியில் தூரம் கொடுக்கப்படாதது குறை அல்ல, அது தேவைப்படவே இல்லை என்று பொருள். இப்போது அதே கேள்வியில் ஒரு வாக்கியத்தைச் சேர்ப்போம்: போய்ச் சேர்ந்த இடத்தில் அவர் அரை மணி நேரம் நின்றார், அந்த நேரத்தையும் பயண நேரத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒருவழித் தூரம் 120 கி.மீ. எனில் 240-ஐ 5.5-ஆல் வகுக்க, ஏறத்தாழ 43.64 கிடைக்கிறது. ஒருவழித் தூரம் 240 கி.மீ. எனில் 480-ஐ 10.5-ஆல் வகுக்க, ஏறத்தாழ 45.71 கிடைக்கிறது. இரண்டு எண்களுக்கும் இரண்டு விடைகள் வருகின்றன. அப்படியானால் தூரம் தெரியாமல் இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. கேள்வியிலேயே தரவு குறைந்திருப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு சோதனை எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு எண்ணை வைத்துப் பார்த்து நிறுத்திக்கொள்பவர்களுக்கு இந்தப் பலன் கிடைப்பதில்லை.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். கேள்வியில் ‘பயண நேரத்தில் பாதி’ என்று இருப்பதை ‘பயணத் தூரத்தில் பாதி’ என்று ஒருவர் படித்துவிட்டால், அவர் வைத்துக்கொள்ளும் தூரமும் அந்தத் தவறான வாசிப்புக்கு ஏற்பவே அமையும். நூறு எண்களை வைத்துப் பார்த்தாலும் அதே தவறான விடை மாறாமல் வந்து, அது சரியென்ற நம்பிக்கையை மேலும் வளர்த்துவிடும். ‘பாதி’ என்ற சொல்லுக்கு முன்னால் வருவது நேரமா தூரமா என்பதைக் கேள்வியிலேயே அடிக்கோடிட்டுவிட்டுப் பிறகு எண் வைப்பதைத் தவிர இதற்கு மாற்று இல்லை.

அடுத்தது சூத்திரம். ஒருவழித் தூரம் d, வேகங்கள் a, b எனில் நேரங்கள் d/a, d/b ஆகும். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்கும்போது d நீங்கிவிடுகிறது:

2d / (d/a + d/b) = 2ab / (a + b)

40-க்கும் 60-க்கும் இது 4800 / 100, அதாவது 48. வேகத்தில் இதற்கு ஈடில்லை. சம தூரம் என்பது உறுதியாகத் தெரிந்த கணக்கில், வேறு வழியில் கண்ட விடையை ஒரே வரியில் ஒப்பிட்டுக்கொள்ள இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் சரிபார்க்கும் கருவி என்ற வகையில் நான் இதைக் கடைசி இடத்தில்தான் வைப்பேன். சூத்திரத்துக்குள் தூரம் இல்லை. ஆகவே தூரங்கள் சமமில்லை என்பதை அது ஒருபோதும் நமக்குச் சொல்லாது. 90 கி.மீ.யும் 150 கி.மீ.யும் கேள்வியில் வெளிப்படையாக எழுதியிருந்தும் அந்த இரண்டாம் மாணவரின் கை அவற்றைத் தொடவே இல்லை. கேள்வி கொடுத்த இரண்டு எண்களைப் பயன்படுத்தாமல் ஒரு விடை வந்துவிட்டது என்பதே அங்கே முதல் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். தூரங்கள் கொடுக்கப்பட்டிருந்தும் அவை நம் வரிகளில் வராமல் போனால், அவை சமமாக இருந்ததால் நீங்கினவா, அல்லது நாம் மறந்துவிட்டோமா என்று நின்று கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது வழியை நான் தராசு வழி என்று மாணவர்களிடம் சொல்வேன். எனக்கு இதன் மீது தனிப் பற்று உண்டு. இதில் நாம் கணக்கை மறுபடி போடுவதில்லை. கிடைத்த விடையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதுதான் சராசரி என்றால் பயணத்தில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று பார்க்கிறோம். 40, 60 கணக்கில் இன்னொரு கார் அதே பாதையில், அதே 5 மணி நேரமும் மணிக்கு 48 கி.மீ. என்ற ஒரே வேகத்தில் செல்வதாக நினைத்துக்கொள்ளலாம். முதல் 3 மணி நேரம் நம் கார் 40-இல் செல்வதால், ஒவ்வொரு மணி நேரமும் 8 கி.மீ. பின்தங்கி, மொத்தம் 24 கி.மீ. பின்னால் இருக்கும். பிறகு வரும் 2 மணி நேரத்தில் அது 60-இல் செல்வதால், ஒவ்வொரு மணி நேரமும் 12 கி.மீ. மீட்டு, மொத்தம் 24 கி.மீ. முன்னேறும். இழந்ததும் மீட்டதும் சமம். இரண்டு கார்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. 48 சரியான விடை.

தவறான விடையை இதே தராசில் வைத்துப் பார்த்தால்தான் இதன் பலம் விளங்கும். 50 என்று எழுதியவரின் விடையை எடுத்துக்கொள்வோம். 3 மணி நேரம் 10 கி.மீ. வீதம் இழப்பு 30. 2 மணி நேரம் 10 கி.மீ. வீதம் மீட்பு 20. பத்து கி.மீ. குறைகிறது. ஆகவே 50 என்பது கூடுதலான விடை. எவ்வளவு கூடுதல் என்பதையும் இதே எண் சொல்லிவிடுகிறது: குறைந்த 10 கி.மீ.யை 5 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 2 கி.மீ.; அதை 50-இலிருந்து கழித்தால் 48. விடை தவறு என்று சொல்வதோடு, எந்தப் பக்கம் தவறு, எவ்வளவு தவறு என்பதையும் காட்டி, சரியான விடையிலேயே கொண்டுவிடும் சோதனை இது.

இப்போது 56.25-ஐ வைத்துப் பார்ப்போம். முதல் 2 மணி நேரத்தில் கார் 45-இல் செல்கிறது; மணிக்கு 11.25 வீதம் இழப்பு 22.5 கி.மீ. அடுத்த 2 மணி நேரத்தில் 75-இல் செல்கிறது, மணிக்கு 18.75 வீதம் மீட்பு 37.5 கி.மீ. பதினைந்து கி.மீ. மிஞ்சுகிறது. அதை 4 மணி நேரத்துக்குப் பங்கிட மணிக்கு 3.75 கி.மீ.; 56.25-உடன் கூட்ட 60. அந்த மாணவருக்கு இந்தச் சோதனை தெரிந்திருந்தால் கட்டம் போட்ட விடையை அவரே அடித்துத் திருத்தியிருப்பார்.

தராசு வழிக்குத் தேவைப்படுவது ஒவ்வொரு பகுதிக்கும் ஆன நேரம். அந்த நேரத்தையே தவறாகக் கணக்கிட்டிருந்தால் தராசும் தவறாகவே காட்டும். இதில் அடிக்கடி நேர்வது நிமிடங்களைத் தசமமாக எழுதும் பிழை. 100 கி.மீ. தூரத்தை மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் கடக்க 1 மணி 20 நிமிடம் ஆகும், அதை 1.20 மணி என்று எழுதிவிடுகிறார்கள். 20 நிமிடம் என்பது ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. எழுத வேண்டியது 4/3. இதைக் கண்டுகொள்ளத் தராசுக்குப் போக வேண்டியதே இல்லை. எழுதிய நேரத்தை வேகத்தால் பெருக்கித் தூரம் திரும்ப வருகிறதா என்று பார்த்தால் போதும். 1.20-ஐ 75-ஆல் பெருக்கினால் 90 வருகிறது, 100 வரவில்லை. ஆகவே நேரங்களை முதலில் இப்படிப் பெருக்கிச் சரிபார்த்துவிட்டு, பிறகு விடையைத் தராசில் வைப்பது முறை.

தூரத்தின் பங்குகள் சமமில்லாத கணக்கிலும் தராசு தயங்குவதில்லை. பயணத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை மணிக்கு 40 கி.மீ. வேகத்திலும், மீதியை மணிக்கு 60 கி.மீ. வேகத்திலும் ஒருவர் கடக்கிறார் என்போம். மொத்தத் தூரம் 360 கி.மீ. எனக் கொண்டால் முதல் 120 கி.மீ.க்கு 3 மணி நேரம், அடுத்த 240 கி.மீ.க்கு 4 மணி நேரம்; சராசரி 360/7, ஏறத்தாழ 51.43. இந்த எண்ணைத் தராசில் வைத்தால் இழப்பு 11.43 × 3, அதாவது 34.29, மீட்பு 8.57 × 4, அதாவது 34.28. கடைசி இலக்கத்தில் தென்படும் இந்த வேறுபாடு விடையை இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கியதால் வந்தது. பிழையால் வந்தது அன்று. உண்மையான பிழை இருந்தால் வேறுபாடு கி.மீ. கணக்கில் தெரியும், கி.மீ.யின் நூற்றில் ஒரு பங்கில் அன்று. சந்தேகம் நீங்க வேண்டுமானால் 360/7 என்ற பின்னத்தை அப்படியே வைத்துச் செய்து பார்க்கலாம்: இழப்பு 240/7, மீட்பு 240/7.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விடை 50-க்கு மேலே இருக்கிறது. ‘சராசரி வேகம் எப்போதும் கூட்டுச் சராசரியைவிடக் குறைவாக இருக்கும்’ என்று சிலர் விதியாகவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு சரிபார்த்தால் சரியான இந்த விடையைத் தவறென்று அடித்துவிடுவார்கள். மெதுவான வேகத்தில் அதிக நேரம் ஆகும் கணக்குகளுக்கு மட்டுமே அந்த விதி பொருந்தும்; இரண்டு வெவ்வேறு வேகங்களில் சம தூரங்களைக் கடக்கும் கணக்கு அவற்றுள் ஒன்று. எல்லாக் கணக்குகளுக்கும் பொருந்துவது இவ்வளவுதான்: நிற்காமல் சென்ற பயணத்தின் சராசரி இரண்டு வேகங்களுக்கும் இடையில் இருக்கும், எந்த வேகத்தில் அதிக நேரம் சென்றார்களோ அந்த வேகத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். இங்கே 60-இல் 4 மணி நேரம், 40-இல் 3 மணி நேரம் என்பதால் விடை 60-இன் பக்கம் சாய்ந்தது.

நான்காவது வழி, வேகத்தைத் தலைகீழாக்கி ஒரு கி.மீ.க்கு எத்தனை நிமிடம் என்று பார்ப்பது. மணிக்கு 40 கி.மீ. என்றால் ஒரு கி.மீ.க்கு 1.5 நிமிடம், மணிக்கு 60 கி.மீ. என்றால் ஒரு கி.மீ.க்கு 1 நிமிடம். தூரங்கள் சமமாக இருப்பதால் இவ்விரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கலாம், அதில் தவறே இல்லை: ஒரு கி.மீ.க்கு சராசரியாக 1.25 நிமிடம். 60-ஐ 1.25-ஆல் வகுக்க 48. காகிதமே இல்லாமல் மனத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய சோதனை இது. ‘கூட்டிப் பாதியாக்கு’ என்ற இயல்பான எண்ணத்தை அடக்காமல், அது செல்லுபடியாகும் இடத்துக்கு அதை நகர்த்தி வைப்பதால், ஏன் 50 வரவில்லை என்பதற்கு மாணவர்களுக்கு மனநிறைவான விளக்கமும் இதில் கிடைக்கிறது.

தூரங்கள் சமமில்லாதபோது அவற்றின் விகிதத்தை எடைகளாகச் சேர்க்க வேண்டும். 90-உம் 150-உம் 3-க்கு 5 என்ற விகிதத்தில் உள்ளன. மணிக்கு 45 கி.மீ. என்பது ஒரு கி.மீ.க்கு 4/3 நிமிடம், மணிக்கு 75 கி.மீ. என்பது 4/5 நிமிடம். மூன்று பங்கு 4/3-உம் ஐந்து பங்கு 4/5-உம் சேர்ந்து 4 + 4 = 8 நிமிடம், எட்டு கி.மீ.க்கு. ஆகவே ஒரு கி.மீ.க்குச் சரியாக 1 நிமிடம், மணிக்கு 60 கி.மீ. எண்கள் இப்படி ஒத்துழைக்கும்போது இந்த வழி மிக அழகானது. வேகங்கள் 35, 52 என்பது போல 60-ஐ எளிதில் வகுக்காத எண்களாக இருந்தால் இது உடனே சிக்கலாகிவிடும். அங்கே இதைக் கைவிட்டுவிடுவதே நல்லது.

சராசரியைக் கொடுத்துவிட்டு இரண்டாவது வேகத்தைக் கேட்கும் கணக்குகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே சில விடைகள் இருக்கவே முடியாது. போகும்போது 40, இரு வழிக்கும் சேர்த்துச் சராசரி 60 வேண்டும், திரும்பும் வேகம் என்ன? 80 என்று எழுதத் தோன்றும். ஒருவழித் தூரம் 120 கி.மீ. என வைத்தால், 240 கி.மீ.யை 60-இல் கடக்க 4 மணி நேரம். போவதிலேயே 3 மணி நேரம் செலவாகிவிட்டது. எஞ்சிய ஒரு மணி நேரத்தில் 120 கி.மீ. திரும்ப வேண்டும். விடை மணிக்கு 120 கி.மீ. சராசரி 80 வேண்டும் என்றால் மொத்தம் 3 மணி நேரம்தான் கிடைக்கும். அது முழுவதும் போவதிலேயே தீர்ந்துவிட்டது, எந்த வேகத்திலும் திரும்ப முடியாது. சம தூரக் கணக்கில் சராசரி ஒருபோதும் மெதுவான வேகத்தின் இரு மடங்கை எட்டாது. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1930-களில் ஐன்ஸ்டைனுக்கு இதே வகைப் புதிர் ஒன்றை எழுதி அனுப்பினார்: பழைய கார் ஒன்று ஒரு மைல் ஏற்றத்தில் மணிக்கு 15 மைல் வேகத்தில் ஏறுகிறது, அடுத்த ஒரு மைல் இறக்கத்தையும் சேர்த்துச் சராசரி 30 மைல் வர, இறக்கத்தில் என்ன வேகம் வேண்டும்? இரண்டு மைலை 30-இல் கடக்க 4 நிமிடம். ஏற்றத்துக்கே 4 நிமிடம் ஆகிவிட்டது. கணக்கிட்டுப் பார்த்த பிறகே இறக்கத்துக்கு நேரமே மிஞ்சவில்லை என்பதைத் தாம் கவனித்ததாக ஐன்ஸ்டைன் பதில் எழுதினார். இத்தகைய கணக்கைப் பெறும்போது முதலில் மொத்த நேரத்தைக் கண்டு, அதில் எவ்வளவு ஏற்கெனவே செலவாகிவிட்டது என்று பார்த்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருகிறேன். தேர்வு, விடையை முதலில் எந்த வழியில் கண்டோம் என்பதைப் பொறுத்தது. சூத்திரத்தால் விடை கண்டிருந்தால், இரண்டு வெவ்வேறு தூரங்களை வைத்துப் பார்க்கும் வழியைத்தான் எடுக்க வேண்டும். சூத்திரம் விட்டுவிடும் தூரத்தை அது கட்டாயமாகக் கணக்குக்குள் கொண்டுவரும். தூரத்தை வைத்து விடை கண்டிருந்தால் அதையே இன்னொரு எண்ணால் செய்வதைவிடத் தராசு வழி மேல். அது விடையிலிருந்து பின்னோக்கி நடப்பதால், முன்னோக்கிச் செல்கையில் நேர்ந்த கூட்டல், வகுத்தல் பிழைகள் அங்கே மீண்டும் அதே உருவில் வருவதில்லை. பல விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வில், நேரம் குறைவாக இருக்கும்போது, எண்கள் இடம் கொடுத்தால் ஒரு கி.மீ.க்கு எத்தனை நிமிடம் என்ற வழி. இல்லையென்றால் கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தராசில் வைத்து, மிச்சத்தைக் கொண்டு சரியான விடையை அடைவது. நின்ற நேரம் கணக்கில் உண்டென்றால் சூத்திரத்தை அறவே விட்டுவிட வேண்டும். தராசிலோ, நின்ற நேரத்தை வேகம் 0 உள்ள மூன்றாவது பகுதியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வழியைத்தான் கற்றுக்கொள்ள நேரம் உண்டு என்று ஒருவர் கேட்டால், நான் தராசு வழியையே சொல்வேன்.

சராசரி திசைவேகம் கேட்கும் கணக்குக்கு இவற்றில் எதுவும் நேராகப் பொருந்தாது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டால் இடப்பெயர்ச்சி சுழி. சராசரி திசைவேகமும் சுழி. கேள்வியில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் மாணவரின் தாளுக்குத் திரும்புகிறேன். அவருடைய 60 எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும், ஏனெனில் விடை சரி. சரிபார்க்கும் வழிகள் விடையைச் சோதிக்கின்றன. அதை அடைந்த காரணத்தைச் சோதிப்பதில்லை. இரண்டு நேரங்களும் சமம் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கூட்டுச் சராசரி எடுத்திருந்தால் அவர் செய்தது முழுமையான தீர்வு. அந்த வரி இல்லாததால், அவர் அதைக் கண்டு செய்தாரா, காணாமல் செய்தாரா என்பது எனக்குத் தெரியவில்லை. அவரையும் இரண்டாமவரையும் ஒன்றாக உட்காரவைத்து, கேள்வியில் 90-ஐ மட்டும் அடித்துவிட்டு 180 என்று எழுதிக் கொடுத்தேன். வேகங்கள் மாறவில்லை, ஆகவே முதலாமவரின் முறையில் விடை இப்போதும் 60, இரண்டாமவரின் முறையில் இப்போதும் 56.25. மெதுவான வேகத்தில் இரு மடங்கு தூரம் சென்ற பிறகும் தம் விடை அசையவில்லை என்பதைப் பார்த்ததும் இருவரும் எழுதுவதை நிறுத்தினார்கள். பிறகு முதலாமவர் தூரங்களுக்குப் பக்கத்தில் நேரங்களை எழுதினார்: 4 மணி, 2 மணி. இரண்டாமவர் 330-ஐ 6-ஆல் வகுத்து 55 என்றார். நான் எதுவும் சொல்லும் முன்பே முதலாமவர் அதைத் தராசில் வைத்தார்: பத்து கி.மீ. வீதம் நான்கு மணி நேரம் இழப்பு 40, இருபது கி.மீ. வீதம் இரண்டு மணி நேரம் மீட்பு 40.